யாருடைய நிமிடங்கள்? விழுப்புரம்–திண்டிவனம் சாலையில் பள்ளிப் பேருந்தின் வழிக் கணக்கு

ஒரு பள்ளி, சில பேருந்துகள், ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள், காலையில் மணி அடிக்கும் நேரம். எந்த பஸ் எந்த ஊர்களை எந்த வரிசையில் தொட்டு வர வேண்டும்? பள்ளி திறக்கும் முன் போக்குவரத்துப் பொறுப்பாளர்கள் நோட்டில் எழுதி அடித்துத் திருத்தும் இந்தக் கணக்குக்கு, கணித உலகில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. விடைகள் பல இருந்தும் கேள்வி முடியவில்லை. கணினியின் வேகக் குறைவு அதற்குப் பெரிய காரணமல்ல. எதைக் குறைத்தால் நல்ல வழி என்பதில்தான் விடை சொன்னவர்கள் பிரிகிறார்கள்.

அந்த விடைகளின் வரலாற்றையும், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் அவை எவ்வளவு தூரம் தாங்குகின்றன என்பதையும் இக்கட்டுரை பார்க்கிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். நடுவே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலை. அதிலிருந்து இரு பக்கமும் கூட்ரோடுகள் வழியே கிராமங்களுக்குப் பிரியும் சாலைகள். கணிதத்தின் பழைய அனுமானங்களைச் சோதித்துப் பார்க்க ஏற்ற நிலம் இது.

டேங்கர் லாரியில் தொடங்கிய கணக்கு

இத்துறையின் தொடக்கம் 1959. ஜார்ஜ் டான்ட்சிக், ஜான் ராம்சர் இருவரும் பெட்ரோல் கிடங்கிலிருந்து பல பங்குகளுக்கு எண்ணெய் கொண்டுபோகும் லாரிகளை எப்படிப் பிரித்தனுப்புவது என்று கேட்டார்கள். லாரிக்குக் கொள்ளளவு உண்டு, பங்குகளுக்குத் தேவை உண்டு, மொத்தத் தூரம் குறைய வேண்டும். 1964-இல் கிளார்க், ரைட் இருவரும் இதற்கு ஓர் எளிய முறை தந்தார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் தனி வண்டி போய் வருவதாக முதலில் வைத்துக்கொள்வது. பிறகு எந்த இரண்டு இடங்களை ஒரே வண்டியில் இணைத்தால் மிச்சம் அதிகமோ அதை முதலில் இணைப்பது. ‘சேமிப்பு முறை’ என்று பெயர் பெற்ற இது, கையால் போட்டாலும் வரும் என்பதால் இன்றும் பல மென்பொருள்களின் அடியில் ஓடுகிறது.

பள்ளிப் பேருந்துக்கு இந்தச் சிந்தனை விரைவிலேயே வந்துவிட்டது. 1969-இல் நியூட்டன், தாமஸ் இருவரும் கணினியைக் கொண்டு பள்ளி பஸ் வழிகளை வகுக்கும் முறையை வெளியிட்டார்கள். எல்லா நிறுத்தங்களையும் தொட்டுவரும் ஒரே நீளமான சுற்றை முதலில் போட்டு, பிறகு இருக்கைக்கும் நேரத்துக்கும் ஏற்ப அதைத் துண்டுகளாக வெட்டி பஸ்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழி. 1974-இல் கில்லட், மில்லர் எதிர்த் திசையில் போனார்கள்: கிடங்கை மையமாக வைத்து ஒரு கோட்டைச் சுழற்றி, கோட்டில் படும் இடங்களை வரிசையாகச் சேர்த்து, வண்டி நிரம்பியதும் அடுத்த வண்டியைத் தொடங்குவது. ‘முதலில் வழி, பிறகு பிரிவு’ என்பாரும் ‘முதலில் பிரிவு, பிறகு வழி’ என்பாரும் இப்படி இரு அணிகளானார்கள்.

கணக்கின் கடினம் எங்கே இருக்கிறது என்பதில் ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு. இருபது நிறுத்தங்களை வரிசைப்படுத்தும் வழிகளின் எண்ணிக்கை 19 இலக்க எண் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். எண் சரிதான். ஆனால் ஒரே பஸ்ஸுக்கு இருபது நிறுத்தங்களின் சிறந்த வரிசையைக் காண, 1962-இல் ஹெல்டும் கார்ப்பும் தந்த முறை போதும். சாதாரணக் கணினியே முடித்துவிடும். சிரமம் பிரிப்பதில் இருக்கிறது. எந்த ஊர் எந்த பஸ்ஸில் என்று முடிவாகிவிட்டால், உள்வரிசையை அனுபவமுள்ள டிரைவரே பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்.

நான்கு ஊர், இரண்டு பஸ்

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திண்டிவனத்தின் ஓரத்தில் ஒரு பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் நான்கு இடங்களிலிருந்து வருகிறார்கள்: விக்கிரவாண்டியில் 18 பேர், கூட்டேரிப்பட்டில் 14, மயிலத்தில் 16, தீவனூரில் 12. மொத்தம் 60. ஒவ்வொன்றிலும் 40 இருக்கை கொண்ட இரண்டு பஸ்கள். ஊர்கள் உண்மை; பிள்ளைகளின் எண்ணிக்கையும் கீழே வரும் நிமிடங்களும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

பள்ளிக்கு விக்கிரவாண்டியிலிருந்து 32 நிமிடம், மயிலத்திலிருந்து 27, கூட்டேரிப்பட்டிலிருந்து 18, தீவனூரிலிருந்து 15. கூட்டேரிப்பட்டுக்கு விக்கிரவாண்டியிலிருந்து 15 நிமிடம், மயிலத்திலிருந்து 9, தீவனூரிலிருந்து 18. மற்ற பயணங்கள் எல்லாம் கூட்டேரிப்பட்டு வழியாகவே என்று வைத்தால், விக்கிரவாண்டி–மயிலம் 24, மயிலம்–தீவனூர் 27, விக்கிரவாண்டி–தீவனூர் 33.

சேமிப்பு முறையைப் போடுவோம். இரண்டு ஊர்களின் பள்ளித் தூரங்களைக் கூட்டி, அவற்றுக்கு இடையேயான தூரத்தைக் கழித்தால் இணைப்பின் மிச்சம் கிடைக்கும். மயிலம்–கூட்டேரிப்பட்டு இணைப்புக்கு 27 + 18 − 9 = 36. இதுவே பட்டியலில் உச்சம். அடுத்து வரும் விக்கிரவாண்டி இணைப்புகளுக்கு 35. முறை முதல் இணைப்பைப் பிடித்துக்கொள்கிறது: மயிலமும் கூட்டேரிப்பட்டும் ஒரே பஸ்ஸில், 30 பேர். விக்கிரவாண்டியை அதில் சேர்த்தால் 48, இடமில்லை. தீவனூரைச் சேர்த்தால் 42. இரண்டு பேருக்காக அதுவும் முடியாது. எனவே விக்கிரவாண்டியும் தீவனூரும் இன்னொரு பஸ். பள்ளியில் புறப்பட்டுப் பள்ளிக்குத் திரும்பும் மொத்த ஓட்டம் 54 + 80 = 134 நிமிடம்.

இனி வேறு விதமாகப் பிரிப்போம். விக்கிரவாண்டி–கூட்டேரிப்பட்டு ஒரு பஸ், மயிலம்–தீவனூர் இன்னொன்று: 65 + 69 = 134. விக்கிரவாண்டி–மயிலம் ஒன்று, கூட்டேரிப்பட்டு–தீவனூர் ஒன்று: 83 + 51 = 134. மூன்றும் ஒரே எண்ணில் நிற்கின்றன. டீசல் செலவை மட்டும் பார்க்கும் கணக்குக்கு இவற்றுக்குள் வேறுபாடே தெரியாது.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியும். முதல் திட்டத்தில் விக்கிரவாண்டிப் பிள்ளைகள் தீவனூரைச் சுற்றிக்கொண்டு 48 நிமிடம் பயணம் செய்கிறார்கள். இரண்டாவதில் மிக நீண்ட பயணம் மயிலத்துப் பிள்ளைகளுடையது: 42 நிமிடம். மூன்றாவதில் விக்கிரவாண்டிக்கு 51. சேமிப்பு முறை தானாகத் தேர்ந்தெடுத்த திட்டம் இரண்டாவதைவிட மோசம். அந்தக் குறை அதன் கண்ணில் படவும் வழியில்லை. பெட்ரோலுக்குக் களைப்பு இல்லை என்பதால் டான்ட்சிக்கின் லாரிக் கணக்கில் இந்தக் கேள்வி எழவே இல்லை. பள்ளி பஸ்ஸுக்கு அந்தக் கணக்கை அப்படியே எடுத்து வந்ததன் முதல் பலவீனம் இது.

இருக்கை எண்ணும் விதம்

கொள்ளளவு ஒரே எண் என்று மேலே வைத்துக்கொண்டோம். நடப்பில் அது பிள்ளைகளின் வயதைப் பொறுத்து நீளும். அமெரிக்கப் பள்ளி வாகனக் கணக்குகளில் ஒரே இருக்கையில் சின்னப் பிள்ளைகள் மூவர் அல்லது பெரிய பிள்ளைகள் இருவர் என்று எண்ணும் வழக்கம் உண்டு. மழலையர் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஒரே வண்டியில் வரும் நம் பள்ளிகளிலும் இருக்கைக்கு மூன்று குழந்தைகள் என்று நெருக்கி உட்கார வைப்பதைக் காணலாம்.

ஆனால் இந்த நெகிழ்ச்சியைக் கணக்கில் சேர்க்கலாமா என்பது விவாதத்துக்குரியது. மேலே 42 பேர் வந்ததால் தள்ளுபடியான இணைப்பு, இரண்டு யூ.கே.ஜி. பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்தால் ஏற்கத்தக்கதாகிவிடும். அடுத்த ஆண்டு அதே பிள்ளைகளுக்குப் பை பெருக்கும், உடல் வளரும். வழி மட்டும் மாறாமல் நிற்கும். கொள்ளளவைச் சிறிது குறைத்தே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது என்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் 2012-இல் வந்தன. அந்த ஆண்டு ஜூலையில் சென்னை தாம்பரம் பகுதியில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருவர் பள்ளி பஸ்ஸின் தரை ஓட்டை வழியே விழுந்து இறந்ததும், சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்ததும் அதற்குக் காரணம். அதன் பிறகு ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் வாகனங்களை ஒரே மைதானத்துக்கு வரவழைத்துப் பார்வையிடும் வழக்கம் வலுப்பட்டது. விழுப்புரத்தின் டி.என். 32 வண்டிகளும் திண்டிவனத்தின் டி.என். 16 வண்டிகளும் அப்படி வரிசையில் நிற்கின்றன. தரை, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் பார்க்கப்படுகின்றன. இந்த ஆய்வு பெரும்பாலும் வண்டியைப் பற்றியது. அந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எந்தப் பக்கம் நிற்கும், முதல் பிள்ளை எத்தனை நிமிடம் உள்ளே இருக்கும் என்பவை படிக்கட்டின் உயரத்தைப் போல அளந்து பார்க்கத்தக்கவை. ஆனாலும் அவை பெரும்பாலும் பள்ளியின் நோட்டோடு நின்றுவிடுகின்றன.

மணி அடிக்கும் நேரம்

ஓரிடத்தை இந்த நேரத்துக்கு முன்னும் தொடக் கூடாது, அந்த நேரத்துக்குப் பின்னும் தொடக் கூடாது என்ற இரட்டை வரம்பை இத்துறையினர் ‘நேரச் சாளரம்’ என்கிறார்கள். 1987-இல் மரியஸ் சாலமன் இதற்கு வகுத்த முறைகளும் சோதனைக் கணக்குகளும் இன்றும் அளவுகோலாக இருக்கின்றன. அவருடைய கணக்குகளில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிச் சாளரம் உண்டு. பள்ளி பஸ்ஸில் அப்படியல்ல; உண்மையான சாளரம் பள்ளி வாசலில் ஒன்றுதான். நிறுத்தங்களில் இருப்பவை அந்த ஒன்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பெற்ற நேரங்கள். ஒரு பள்ளி மட்டும் என்றால் இது கணக்கை எளிதாக்குகிறது. ஒரே பஸ் பல பள்ளிகளுக்கு ஓடினால் நிலைமை மாறும். டெரோசியே, சுமி, டெரோஷே மூவரும் 1984-இல் நேரச் சாளரம் உள்ள வழிகளைத் துல்லியமாகத் தீர்க்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். சாத்தியமான வழிகள் அனைத்தையும் எழுதாமல், விடையை மேம்படுத்தக்கூடிய வழிகளை மட்டும் தேவைப்படும்போது உருவாக்கிச் சேர்ப்பது அதன் உத்தி. அந்தக் கணக்கின் பின்னணியிலும் பள்ளிப் பேருந்து இருந்தது.

நம் எடுத்துக்காட்டில் பள்ளி 8.15-க்கு வாசல் திறக்கிறது, 8.45-க்குப் பிரார்த்தனை மணி என்று வைப்போம். மயிலத்துப் பிள்ளைகளின் 42 நிமிடத்தைக் குறைக்க, அந்த பஸ்ஸை இரண்டு ட்ரிப் அடிக்க வைக்கலாமே என்று தோன்றும்: மயிலத்துக்கு ஒரு ட்ரிப், தீவனூருக்கு ஒரு ட்ரிப்.

தீவனூர் ட்ரிப்பை முதலில் வைத்தால், மயிலம் போய்வர 54 நிமிடம் வேண்டும் என்பதால் தீவனூர்ப் பிள்ளைகளை 7.51-க்கே பள்ளியில் இறக்க வேண்டும். வாசல் பூட்டியிருக்கும். மயிலத்தை முதலில் வைத்தால் தீவனூர் போய்வர 30 நிமிடம்தான், மயிலத்தில் 7.48-க்குப் புறப்பட்டு 8.15-க்கு இறக்கி, தீவனூர் போய் 8.45-க்குத் திரும்பலாம். முதல் ட்ரிப்பில் வந்த பிள்ளை பள்ளியில் காத்திருக்கும் நேரம், இரண்டாம் ட்ரிப்பின் நீளத்துக்குச் சமம். எனவே குட்டை ட்ரிப்பைக் கடைசியில் வைப்பதே முறை.

காகிதத்தில் இது சரியாகப் பொருந்துகிறது. சரியாகப் பொருந்துவதே சந்தேகத்துக்குக் காரணம். பதினாறு பிள்ளைகள் இறங்க இரண்டு மூன்று நிமிடம், தீவனூரில் பன்னிரண்டு பேர் ஏற இரண்டு நிமிடம் என்றால் பஸ் 8.50-க்கு வரும். நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தைச் சுழியாக வைத்த அட்டவணை முதல் வாரத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்: கடைசி ட்ரிப் மட்டும் நாள் தவறாமல் ஐந்து நிமிடம் தாமதமாகும். நாள்தோறும் ஒரே அளவில் வரும் தாமதத்துக்குக் காரணம் அட்டவணை. நாளுக்கு நாள் கூடிக் குறையும் தாமதத்துக்குக் காரணம் சாலை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் டிரைவரைக் கடிந்துகொள்வது வீண்.

புறப்பாட்டை 7.43-க்கு மாற்றி, வாசலை 8.10-க்குத் திறக்கச் செய்தால் கணக்கு நடக்கும். மிக நீண்ட பஸ் பயணம் 42 நிமிடத்திலிருந்து 33 ஆகக் குறைகிறது; மயிலத்துப் பிள்ளைக்கு 27தான். ஆனால் அந்தப் பிள்ளை வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். ஒரே ட்ரிப் திட்டத்தில், அதே ஏற்ற இறக்க நேரத்தைச் சேர்த்தாலும், எட்டு மணிக்குக் கிளம்பினால் போதும். இரண்டு ட்ரிப் திட்டத்தில் 7.43-க்குக் கிளம்ப வேண்டும். பஸ்ஸில் இருக்கும் நேரம் கால் மணி குறைந்தது. வீட்டுக்கு வெளியே இருக்கும் நேரம் கால் மணிக்கு மேல் கூடிவிட்டது. ஆய்வுகள் பலவும் முதல் எண்ணையே அளக்கின்றன. காலை உணவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் தாய்க்கு இரண்டாவது எண்தான் கணக்கு.

இரண்டையும் ஒருசேரக் குறைக்க வழி உண்டு: தீவனூருக்கு ஒரு சிறிய வேன். அதற்கு இன்னொரு டிரைவர், இன்னொரு உதவியாளர், இன்னொரு எஃப்.சி. செலவு.

ஹால்ட் போடும் பஸ்

இதுவரை பஸ் பள்ளியில் புறப்பட்டுப் பள்ளிக்குத் திரும்புவதாகக் கணக்கிட்டோம். பாடப்புத்தகங்கள் அப்படித்தான் போடும். ஆனால் இந்தப் பக்கத்தில் பஸ்ஸை இரவில் கடைசி ஊரில், டிரைவரின் வீட்டருகே ஹால்ட் போடுவது உண்டு. காலையில் அங்கிருந்தே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படும். காலியாகப் போகும் ஓட்டம் இல்லை. கணிதத்தில் இதற்குத் ‘திறந்த வழி’ என்று பெயர்.

இதைச் சேர்த்தவுடன் விடைகளின் தரவரிசை கலைகிறது. சமமாக நின்ற மூன்று திட்டங்களில் முதல் இரண்டும் 75 நிமிடமாகின்றன. மூன்றாவது 84-இல் பின்தங்குகிறது. இரண்டு ட்ரிப் திட்டத்துக்கு 90. முறையை மாற்றாமல், வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்ற ஒரே தகவலைத் திருத்தியதில் 59 நிமிடக் காலி ஓட்டம் மறைந்துவிட்டது. நல்ல மென்பொருளுக்கும் சுமாரான மென்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இத்தனை பெரிதாக இருப்பது அரிது. எதிர்ப்பக்க வாதமும் உண்டு: ஊரில் நிற்கும் வண்டிக்குக் காவல் யார், டிரைவர் விடுப்பு எடுத்தால் சாவி எங்கே, அவர் வேலையை விட்டால் வழியே மாற வேண்டுமா?

நெடுஞ்சாலைக்கு இரண்டு கரை

பழைய கணக்குகளில் ஓர் ஊர் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி. ‘அ’விலிருந்து ‘ஆ’வுக்குப் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்று. நடுவில் சென்டர் மீடியன் உள்ள நெடுஞ்சாலையில் இரண்டுமே பொய்யாகின்றன.

கூட்டேரிப்பட்டின் 14 பிள்ளைகளில் 8 பேர் சாலைக்கு மேற்கே, 6 பேர் கிழக்கே இருப்பதாக வைப்போம். விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம் நோக்கி வரும் பஸ் மேற்குப் பக்கத்தில் வருகிறது. கதவு இடப்பக்கம், அதாவது மேற்கே. கிழக்குப் பிள்ளைகள் அறுவரும் லாரிகளும் ஆம்னி பஸ்களும் விரையும் சாலையைக் கடந்தால்தான் ஏற முடியும். ஒரு நிறுத்தத்தை ஒரே பஸ் ஒரே முறைதான் தொட வேண்டும் என்ற பழைய நிபந்தனையை வைத்திருக்கும் மென்பொருள் இதைக் கவனிக்காது.

அந்த நிபந்தனையைத் தளர்த்தி, ஓரிடத்தின் தேவையை இரண்டு வண்டிகள் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று 1989-இல் ட்ரோர், ட்ரூடோ இருவரும் ஆராய்ந்தார்கள். அவர்கள் தேடியது தூர மிச்சம். இங்கே அதே தளர்வு வேறு பயன் தருகிறது. மயிலம் கிழக்கே இருப்பதால், அங்கிருந்து வரும் பஸ் நெடுஞ்சாலையைத் தொடும் முன்பே கிழக்குப் பக்கத்தில் அந்த ஆறு பேரையும் ஏற்றிக்கொள்ளலாம். பிறகு பஸ் கடக்கும், பிள்ளை கடக்க வேண்டாம். மயிலத்து பஸ் எப்படியும் கூட்டேரிப்பட்டு வழியாகவே போவதால் கூடுதல் ஓட்டம் இல்லை. விக்கிரவாண்டி பஸ்ஸில் 26 பேர். மயிலம்–தீவனூர் பஸ்ஸில் 34. இரண்டும் 40-க்குள். ஒரு விலையும் உண்டு: அந்த ஆறு பேர் தீவனூரைச் சுற்றி 33 நிமிடம் பயணம் செய்வார்கள், நேரே போனால் 18தான். சாலை கடப்பதைத் தவிர்க்க 15 நிமிடம் என்பது, கேட்டால் எந்தப் பெற்றோரும் ஒப்புக்கொள்ளும் விலையாகவே இருக்கும்.

மாலையில் எல்லாம் தலைகீழ். திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி போகும் பஸ் கிழக்குப் பக்கத்தில் ஓடும். இப்போது கிழக்கு அறுவரை இறக்குவது எளிது. மேற்கின் எட்டுப் பேருக்குத்தான் சிக்கல். தீவனூரிலிருந்து கூட்டேரிப்பட்டு வரும் பஸ் மேற்கிலிருந்து வருவதால் அவர்களை அதில் ஏற்றிவிடலாம். ஆக ஒரே வீட்டுப் பிள்ளை காலையில் ஒரு பஸ்ஸிலும் மாலையில் இன்னொரு பஸ்ஸிலும் போவது கணக்குக்குச் சரி. ஆறு வயதுக் குழந்தைக்கும் வருகைப் பதிவு எடுக்கும் உதவியாளருக்கும் அது எளிதல்ல. பிள்ளை விடுபட்டுப் போகும் வாய்ப்பும் கூடும். காலை வழியைத் திருப்பிப் போட்டால் மாலை வழி கிடைத்துவிடும் என்று பேசாமல் வைத்துக்கொள்ளும் கட்டுரைகள் இந்த இடத்தில் நமக்கு உதவுவதில்லை.

சாலை சொல்லும் நேரம் ஒன்றல்ல

விக்கிரவாண்டியிலிருந்து 32 நிமிடம் என்பது சாதாரண நாளின் எண். முகூர்த்த நாள், பொங்கலுக்கு மறுநாள், சென்னை நோக்கித் திரும்பும் கார்கள் டோல்கேட்டில் வரிசை கட்டும் காலை என்று வரும்போது அது வேறு. சராசரியை எடுத்து அட்டவணை போட்டால் ஏறக்குறைய பாதி நாட்களில் பஸ் தாமதமாகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பத்து நாளில் ஒன்பது நாள் எந்த நேரத்துக்குள் வந்து சேர்கிறதோ அதை எடுப்பது மேல் என்பது இன்றைய ஆய்வுகளின் பொதுவான சாய்வு. அதற்கும் விலை உண்டு: நல்ல நாட்களில் பஸ் முன்கூட்டியே வந்துவிடும், பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

ரயில்வே கேட் இன்னொரு வகை நிச்சயமின்மை. கேட் போட்டால் பத்து நிமிடம், போடாவிட்டால் ஒன்றுமில்லை. சராசரிக்கு இங்கே பொருளே இல்லை. கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலை, லெவல் கிராசிங்கில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வழிக் கணக்கு அந்த விபத்துக்கு விளக்கம் ஆகாது. ஆனால் கணக்கில் ஒரு கேள்வியை அது எழுப்புகிறது: லெவல் கிராசிங் உள்ள சாலையைப் பள்ளி பஸ்ஸுக்கு முற்றிலும் மூடிவிடலாமா? கணினியில் அது ஒரு கோட்டை அழிக்கும் வேலை. அழித்தால் எத்தனை நிமிடம் கூடுகிறது என்பதையும் உடனே சொல்லிவிடும். சுற்றுவழி ஐந்து நிமிடம் என்றால் முடிவு எளிது. இருபது நிமிடம் என்றால் நிறுத்தத்தையே கேட்டின் இந்தப் பக்கம் வைக்கலாமா என்று யோசிக்க வேண்டும். அப்போது பிள்ளைகள் நடந்து தண்டவாளத்தைக் கடப்பார்கள். ஆபத்து பஸ்ஸிலிருந்து காலுக்கு மாறுகிறதே தவிரக் குறைகிறதா என்பது தெளிவில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மயிலத்தில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது; விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் வெள்ளம் நெடுஞ்சாலையையே மறித்தது. இவ்வளவு பெரிய நாளில் பள்ளிக்கு விடுமுறை. கணக்கைத் தொந்தரவு செய்பவை அதைவிடச் சிறிய மழைகள்: ஏரி வழிந்து தரைப்பாலம் மூழ்கிய, ஆனால் பள்ளி நடக்கும் நாட்கள். அந்த நாட்களுக்கென்று மாற்று வழி ஒன்றை முன்பே எழுதிவைப்பது மென்பொருள் இல்லாமலும் செய்யக்கூடியது.

எதைக் குறைப்பது

1978-இல் இ.எஸ். சாவாஸ் பொதுச் சேவைகளை மூன்று அளவுகோல்களால் மதிப்பிடலாம் என்றார்: சிக்கனம், பயன், சமநிலை. பள்ளிப் பேருந்து ஆய்வாளர்கள் இதைப் பற்றிக்கொண்டார்கள். 1995-இல் பவர்மன், ஹால், கலமாய் மூவரும் பல இலக்குகளை எடைபோட்டு ஒன்றாக்கும் முறையை முன்வைத்தார்கள். எடைகளை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. 2002-இல் கோர்பெரானும் உடன் ஆய்வாளர்களும் ஸ்பெயினின் புர்கோஸ் மாகாணக் கிராமங்களுக்கு வழி வகுத்தபோது எடை போடுவதைத் தவிர்த்தார்கள். பஸ்களின் எண்ணிக்கை, ஒரு மாணவர் பஸ்ஸில் இருக்கும் அதிகபட்ச நேரம் என்ற இரண்டையும் தனித்தனியே காட்டி, இத்தனை பஸ் என்றால் இத்தனை நிமிடம் என்று பட்டியல் தந்தார்கள். தேர்வு நிர்வாகத்தின் கையில். நம் நிலத்துக்கு நெருங்கியது இதுவே என்று கருதுகிறேன். பெற்றோர் கூட்டத்தில் வைத்துப் பேசக்கூடிய வடிவம் அது. எடைகளை வைத்துப் பெற்றோரிடம் பேச முடியாது.

மணியையே மாற்றினால் என்ன என்பது மூன்றாம் நிலைப்பாடு. ஒரு பள்ளி 8.15-க்கும் இன்னொன்று 9.15-க்கும் தொடங்கினால் ஒரே பஸ் இரண்டுக்கும் ஓடலாம். பாஸ்டன் நகரத்தில் 2017-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பெர்ட்சிமாஸ் குழு இதைச் செய்து பார்த்தது. வழிகளைத் திருத்தியதில் ஐம்பது பஸ்கள் குறைந்தன. ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் மிச்சம். பள்ளி நேரங்களை மாற்றும் பகுதி பெற்றோரின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஒரே கணினிக் கணக்கின் ஒரு பாதி ஏற்கப்பட்டு மறுபாதி வீழ்ந்தது கவனிக்கத்தக்கது. வழி மாறினால் சில தெருக்களுக்குத் தெரியும். மணி மாறினால் எல்லா வீட்டின் விடியலும் மாறும்.

ஜெர்மனியில் ஃப்யூகன்ஷு 2009-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நமக்குப் பக்கம். அங்கே கிராமப்புறப் பிள்ளைகள் பலர் பொதுப் பேருந்துகளில் போகிறார்கள். பள்ளித் தொடக்க நேரத்தையும் பேருந்து அட்டவணையையும் சேர்த்துத் தீர்க்கிறார் அவர். விழுப்புரம் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையிடம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இலவச பஸ் பாஸில் டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். காலை எட்டரை மணி வண்டிகளின் படிக்கட்டில் தொங்குவோர் அவர்களே. தனியார் பள்ளி பஸ்களை மட்டும் வைத்து இந்தக் கேள்வியை முடித்துவிட்டால் பெரும்பகுதிப் பிள்ளைகள் கணக்குக்கு வெளியே நிற்பார்கள்.

இன்னும் திறந்திருப்பவை

2010-இல் பார்க், கிம் இருவரும் இத்துறையைத் தொகுத்தபோது, தரவு சேகரித்தல், நிறுத்தம் தேர்தல், வழி வகுத்தல், மணியைச் சரிசெய்தல், அட்டவணையிடல் என்று ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். நான்கு ஊர்க் கணக்கில் நாம் பார்த்தவரை, முடிவுகளைப் பெரிதும் அசைத்தவை முதல் இரண்டு படிகள்: வண்டி எங்கே ஹால்ட், பிள்ளை எந்தக் கரையில், ஏற எத்தனை நிமிடம். ஆய்வுகளின் கவனமோ நடுப்படியான வழி வகுத்தலில் அதிகம் குவிந்திருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு சிறு எடுத்துக்காட்டு தரும் தோற்றமாகவும் இருக்கலாம். ஐம்பது பஸ் ஓட்டும் பள்ளியில் வழி வகுக்கும் முறையின் தரம் பெரிதாகத் தெரியக்கூடும்.

பஸ் பயண நேரத்தை அளப்பதா, வீட்டுக்கு வெளியே இருக்கும் நேரத்தை அளப்பதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகரக்கூடும் என்பது மயிலம் கணக்கில் தெரிந்தது. சாலை கடத்தலுக்கு நிமிடத்தில் விலை வைக்கலாமா, அல்லது அதை விலைக்கு அப்பாற்பட்ட தடையாக வைப்பதா என்பதும் தீராதது. தடையாக வைத்தால் மாலை வழி காலை வழியிலிருந்து பிரிந்துபோகும். அந்தக் குழப்பத்தின் ஆபத்தை அளக்க நல்ல முறை இன்னும் உருவாகவில்லை.

தனியார் பள்ளிகள் தனித்தனியே ஓட்டும் பஸ்களைக் கூட்டாக ஓட்டினால் ஒரே ஊருக்கு ஐந்து மஞ்சள் பஸ்கள் போவது குறையும் என்ற யோசனைக்குக் கணக்கின் ஆதரவு வலுவானது. ஆனால் ‘எங்கள் பஸ் உங்கள் வீட்டு வாசலுக்கே வரும்’ என்பது சேர்க்கைக்கான விளம்பரமாக இருக்கும்வரை எந்தப் பள்ளி முதலில் இறங்கிவரும் என்பது தெரியவில்லை. விழுப்புரம், திண்டிவனம் ஆய்வு மைதானங்களில் வண்டியோடு வழித்தாளையும் கேட்டுப் பார்த்தால், அதில் முதல் பிள்ளை ஏறும் நேரமும் நிறுத்தம் எந்தப் பக்கம் என்பதும் எழுதியிருந்தால், மேலே உள்ள கேள்விகளில் சிலவற்றுக்காவது அனுமான நிமிடங்களுக்குப் பதில் உண்மை நிமிடங்களை வைத்து விடை தேட முடியும்.